உதவி: ஒடுகத்தூர் ரூட் பஸ்ஸுக்கு மாதம் ரூ.1,650 சரியாக வருமா?

கணக்குப்பிள்ளை_அணைக்கட்டு
அவசரம். பள்ளிக்கு முதல் பஸ். 32 சீட், ஒரு வழி 28 கி.மீ. ஆண்டுச் செலவு ரூ.6,35,240 வருகிறது. 32 பிள்ளைகள், 12 மாதம் என்று வகுத்தால் தலைக்கு ரூ.1,650. நாளைக் காலை கரஸ்பாண்டென்ட் ஐயாவிடம் கொடுக்க வேண்டும். சரியா?

குடியாத்தம்_ரவி
செலவில் என்னென்ன சேர்த்தீர்கள், சார்? டிரைவர் சம்பளம் எவ்வளவு? வண்டிக்குக் கடன் இருக்கிறதா?

பழைய_டிப்போ
தம்பி, மொத்தத்தை மட்டும் போட்டுச் சரியா என்றால் யார் சொல்ல முடியும்? முப்பது வருஷம் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவன் நான். ராத்திரி வண்டி எங்கே நிற்கிறது? அதைச் சொல்லாமல் டீசல் கணக்கே கிடையாது.

ஆற்காடு_அம்மா
எங்கள் பள்ளியில் மே மாதத்துக்கும் வேன் பணம் கேட்டார்கள். லீவு மாதத்துக்கு ஏன் கொடுக்க வேண்டும்? தயவுசெய்து நீங்களும் அப்படிச் செய்யாதீர்கள்.

கணக்குப்பிள்ளை_அணைக்கட்டு
மன்னிக்கவும். டிரைவர் 18,000, ஆயா 9,000, இருவருக்கும் 12 மாதம். டீசல் லிட்டர் 93 என்று வைத்தேன், 7 கி.மீ. கொடுக்கும், பள்ளி நாள் 210. இன்சூரன்ஸ் 60,000. எஃப்.சி., வரி, டயர், பெயின்ட், சர்வீஸ் எல்லாம் சேர்த்து 95,000. கடன் இல்லை, பழைய வண்டி. ராத்திரி பள்ளி வளாகத்தில்தான் நிற்கும். டிரைவர் வீடு ஒடுகத்தூர்.

காட்பாடி_போக்குவரத்து
இங்கேதான் பிழை. காலையில் பஸ் பள்ளியிலிருந்து ஒடுகத்தூருக்குக் காலியாகப் போக வேண்டும். அப்புறம்தான் பிள்ளைகளோடு திரும்பும். மாலையில் இறக்கிவிட்டு மறுபடி காலியாக வரும். நீங்கள் நாளுக்கு 56 கி.மீ. போட்டிருக்கிறீர்கள், உண்மையில் 112. டீசல் ரூ.1,56,240 இல்லை, ரூ.3,12,480.

அடுத்தது வகுத்த விதம். பிள்ளைகளிடம் 10 மாதம்தானே வாங்குவீர்கள்? முதல் வருஷம் 32 சீட்டும் நிறையாது. எங்கள் புது ரூட்டில் 27 பேர்தான் வந்தார்கள். ஆக ரூ.7,91,480-ஐ 270-ஆல் வகுக்க வேண்டும். மாதம் ரூ.2,930 வருகிறது.

ஆற்காடு அம்மாவுக்கும் இதுவே பதில். மே மாதம் டிரைவர் சம்பளம், இன்சூரன்ஸ் நிற்பதில்லை. அதை 10 மாதக் கட்டணத்துக்குள் வெளிப்படையாகச் சேர்த்துவிட்டால் லீவில் தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

குடியாத்தம்_ரவி
ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபுரம், ஏலகிரி என்று வாடகைக்கு விடுங்கள் சார். டீசல் காசு வந்துவிடும்.

காட்பாடி_போக்குவரத்து
கூடாது ரவி. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 2(11)-படி கல்வி நிறுவனப் பேருந்து என்றால் பள்ளிக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், மாணவர்களையும் ஊழியர்களையும் மட்டுமே ஏற்ற வேண்டும். வாடகை டிரிப்பில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும்.

பழைய_டிப்போ
வண்டியை ஒடுகத்தூரிலேயே டிரைவர் வீட்டருகில் நிறுத்து தம்பி. காலி ஓட்டம் போய்விடும். நாங்கள் கிராமத்து பஸ்ஸையெல்லாம் நைட் ஹால்ட்தான் விடுவோம்.

காட்பாடி_போக்குவரத்து
அப்படிச் செய்தால் கட்டணம் ரூ.2,350 அளவுக்கு இறங்கும், உண்மைதான். ஆனால் டீசல் திருட்டு, பேட்டரி திருட்டு இரண்டையும் பார்த்திருக்கிறேன். டிரைவர் திடீரென்று லீவு போட்டால் மாற்று டிரைவர் ஒடுகத்தூர் வரை போய்த்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

பழைய_டிப்போ
டேங்க் மூடிக்குப் பூட்டு போட்டால் தீர்ந்தது. டிப்போ நடத்தாதவர்கள்தான் இதற்குப் பயப்படுவார்கள்.

காட்பாடி_போக்குவரத்து
டிப்போ வண்டியில் டிரைவர், கண்டக்டர் இருவரும் அங்கேயே தங்குவார்கள் ஐயா. பள்ளி பஸ் இரவெல்லாம் ஆளில்லாமல் நிற்கும். கணக்குப்பிள்ளை சார், ஒன்று கேட்க மறந்தேன். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது?

கணக்குப்பிள்ளை_அணைக்கட்டு
ஐயாவின் மைத்துனர் பெயரில். அது பிரச்சினையா?

காட்பாடி_போக்குவரத்து
பெரிய பிரச்சினை. தனிநபர் பெயரில் இருந்தால் கல்வி நிறுவனப் பேருந்து பர்மிட் கிடைக்காது. வரியும் வேறு கணக்கு. 2022-இல் வந்த மூன்றாம் நபர் பிரீமியத்தில் பள்ளி பஸ்ஸுக்கு ரூ.12,192, அதோடு சீட்டுக்கு ரூ.745. மற்ற பஸ்களுக்கு ரூ.14,343, சீட்டுக்கு ரூ.877. உங்கள் 60,000 எந்த விகிதத்தில் போட்டது என்று ஏஜென்டிடம் கேளுங்கள். முதலில் பள்ளி பெயருக்கு மாற்றுங்கள், அப்புறம் கட்டணம் பேசலாம்.

கணக்குப்பிள்ளை_அணைக்கட்டு (மறுநாள்)
2,930, 2,350 இரண்டையும் காட்டினேன். பெயர் மாற்ற ஐயா ஒத்துக்கொண்டார். வண்டி எங்கே நிற்பது என்று இன்னும் முடிவாகவில்லை. டிரைவர் வீட்டருகே இடம் பார்க்கப் போகிறோம். எல்லோருக்கும் நன்றி.