புதுப்பிப்பு: வருவிப்பு அட்டைகள், ஒரு மாதம் கழித்து

"மின்தேக்கியின் ஆற்றலில் அந்த ½ உண்டா இல்லையா என்று தேர்வில் குழம்பிவிடுகிறேன். வருவிப்பை அட்டையில் எழுதிவைத்தால் நிற்குமா?"

போன மாதம் நான் இங்கே கேட்ட கேள்வி இது. நிற்கிறது. ஆனால் முதலில் எழுதிய அட்டையைக் கிழித்துப் போட்டேன். எட்டு வரி வருவிப்பை முழுசாக எழுதி, அதையும் மனப்பாடம் செய்திருந்தேன்; நடுவில் ஒரு வரி மறந்ததும் எல்லாம் நின்றுபோனது. "தொடக்கத்தையும் காரணத்தையும் மட்டும் எழுது" என்று இங்கே ஓர் ஆசிரியர் சொன்னதுதான் உதவியது. இப்போது அட்டையில் இவ்வளவுதான்:

```
dW = V dq,  V = q/C
```

கீழே ஒரு வரி: மின்னூட்டம் ஏற ஏற மின்னழுத்தமும் ஏறும். மிச்சத்தை வெற்றுத் தாளில் போடுகிறேன். 0 முதல் Q வரை தொகையிட்டால் Q²/2C, அதில் Q = CV என்று வைத்தால் ½CV².

½ இல்லாத விடை எங்கிருந்து வருகிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது. 10 µF, 100 V என்றால் மின்கலம் தருவது QV, அதாவது 0.1 J. தேக்கியில் தங்குவது 0.05 J. மீதி கம்பியில் வெப்பமாகப் போகிறது. நான் இத்தனை நாள் மின்கலத்தின் கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன்!

"சராசரி V/2 போட்டால் போதும், எங்கேயும் செல்லும்" என்றார் ஒருவர். இங்கே சரி, V-q வரைபடம் நேர்கோடு. வளைந்தால் செல்லாது.

sin(A+B) சூத்திரத்துக்கு அட்டை எப்படி எழுதுவது என்று கேட்டவருக்கு: அதற்குப் படத்திலிருந்துதான் தொடங்குகிறேன், இன்னும் ஐந்து நிமிடம் ஆகிறது. சுருக்கமான தொடக்கம் தெரிந்தால் சொல்லுங்கள்.