கணக்கு முழுக்கச் சிவப்பு, தமிழ் முழுக்கப் பச்சை: எக்செலில் எப்படிச் சரிசெய்வது?

நண்பர்களே, பத்தாம் வகுப்பு காலாண்டு மதிப்பெண்ணை எக்செலில் போட்டிருக்கிறேன். வரிசையில் A முதல் E வரை ஐந்து பிரிவுகள், நெடுக்கில் ஐந்து பாடங்கள், கட்டத்தில் பிரிவின் சராசரி. மொத்த அட்டவணைக்கும் சேர்த்து Color Scales கொடுத்தால் கணக்கு முழுக்கச் சிவப்பு, தமிழ் முழுக்கப் பச்சை. எந்தப் பிரிவு பின்தங்கியது என்பதே தெரியவில்லை.

சரி என்று பாடத்துக்குப் பாடம் தனித்தனியாகக் கொடுத்தேன். இப்போது தமிழில் 74 எடுத்த பிரிவும், கணக்கில் 41 எடுத்த பிரிவும் ஒரே சிவப்பு. தமிழாசிரியர் சண்டைக்கு வந்துவிட்டார், நியாயம்தான்.

அப்புறம் இந்த விதியை B2:F6-க்குப் போட்டேன்:

```
=B2<AVERAGE(B$2:B$6)-5
```

கணக்கில் 52, 49, 41, 47, 46. சராசரி 47, அதனால் C பிரிவு மட்டும் நிறம் மாறுகிறது. அழகு. ஆனால் கணக்கே பள்ளி முழுக்கப் பலவீனம் என்பது மறைந்துவிட்டது.

இரண்டும் ஒரே கட்டத்தில் தெரிய வேண்டும். Color Scales-இல் எல்லைகளை Number ஆக்கி 35, 60, 80 என்று நிலையாக வைத்து, மேலுள்ள விதிக்கு நிறம் இல்லாமல் தடித்த எழுத்தும் கட்டக்கோடும் மட்டும் கொடுக்கலாமா? இப்படிச் செய்து பார்த்தவர்கள் உண்டா? கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிடுகின்றன, அதற்கு எந்த நிறங்கள் சரிவரும்?

இன்னொன்று: சராசரிக்குப் பதில் 35-க்குக் கீழே எடுத்தவர்களின் சதவீதத்தைப் போடுவது மேலா?