சாலையோர வெட்டு: மேல்வரிசை நெயில் மட்டும் ஏன் தேறவில்லை?

கேட்டவர்: குன்னூர் பக்கம் சாலையை ஒட்டி 6 மீட்டர் செங்குத்து வெட்டு, எட்டு மாதம் நின்றால் போதும். மண்ணின் உராய்வுக்கோணம் 30 பாகை, எடை கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன், சாலைச்சுமை 20 கிலோபாஸ்கல். நெயில் என்கிற, துளைக்குள் கிரவுட் நிரப்பிப் பதிக்கும் கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே ஒட்டுத்திறன் 60 கிலோபாஸ்கல் என்று எடுத்தேன். 6 மீட்டர் நெயில், 100 மி.மீ துளை, கிடையாகவும் செங்குத்தாகவும் 1.5 மீட்டர் இடைவெளி, 15 பாகை சரிவு. மீட்டருக்கு 18.8 வீதம் நெயில் 113 கிலோநியூட்டன் தாங்குகிறது. வரும் இழுவை 72தான். ஆனாலும் மென்பொருள் மேல்வரிசையைச் சிவப்பில் காட்டுகிறது. கம்பியைத் தடிமனாக்கவா?

பதில் 1: கம்பியில் குறையில்லை. துளையை 150 ஆக்குங்கள், பிடி ஒன்றரை மடங்காகும்.

பதில் 2: தம்பி, முழு நீளத்தையும் கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். சறுக்குப் பரப்புக்கு முன்னால் இருக்கும் நீளம் நழுவும் மண்ணோடு சேர்ந்து வந்துவிடும். மேல்வரிசையில் அது சுமார் 2.7 மீட்டர். மிச்சம் 3.3 மீட்டருக்கு 62தான் கிடைக்கும்; 72-க்கே போதாது, நமக்கு வேண்டியதோ இரு மடங்கு. 150 மி.மீ துளையிலும் இழுவையைப்போல் 1.3 மடங்குதான் வரும். இடைவெளியை 1.2 ஆக்கினால் இழுவை 46 ஆகக் குறையும். பரப்புக்குப் பின்னால் 4.9 மீட்டர் வேண்டும். ஆக, 8 மீட்டர் நெயில். சாலைக்கடியில் குழாயோ கேபிளோ போகிறதா என்று முதலில் பாருங்கள்.

பதில் 3: எங்கள் தளத்தில் நெயில் ஒன்றும் பிடுங்கவில்லை, முகப்புதான் உதிர்ந்தது. ஐப்பசி மழையில், முகப்பில் பீய்ச்சிப் பூசிய கான்கிரீட்டான ஷாட்கிரீட்டுக்குப் பின்னால் நீர் தேங்கிவிட்டது. வடிகால் பட்டையைப் பாதியில் நிறுத்தியிருந்தார்கள்!

பதில் 2: அதுவும் முக்கியம். முகப்புக்கு வருவது முழு இழுவையல்ல, இங்கே 30 கிலோநியூட்டன் அளவு. கம்பிவலையோடு 100 மி.மீ ஷாட்கிரீட்டும் 200 மி.மீ தகடும் அதைத் தாங்கும்; தகடு துளைத்து வெளிவருமா என்று மட்டும் சரிபாருங்கள். நீரழுத்தம் இந்தக் கணக்கில் இல்லை, வடிகால் பட்டை அடிவரை போக வேண்டும்.

கேட்டவர்: 8 மீட்டர் என்றால் சதுர மீட்டருக்கான நெயில் நீளம் இரண்டு மடங்காகிறதே. கீழ்வரிசையைக் குறைக்கலாமா?

பதில் 2: பிடுங்கலுக்கு அங்கே 6 மீட்டரே தாராளம். மொத்த வெட்டும் அடியோடு நழுவுமா என்பதை ஓட்டிப் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன். அதைவிட, அந்த 60 எங்கிருந்து வந்தது?

கேட்டவர்: பக்கத்துத் தளத்தின் அறிக்கையிலிருந்து எடுத்தது ஐயா.

பதில் 2: அப்படியானால் வேலை தொடங்குமுன் தனியாக ஒரு நெயில் போட்டு, 3 மீட்டருக்கு மட்டும் கிரவுட் நிரப்பி இழுங்கள். 56 வரை பிடித்தால் உங்கள் எண் சரி. 10 நிமிடம் சுமையைப் பிடித்து நிறுத்தும்போது ஊர்ந்துகொண்டே போனால், ஒட்டுத்திறனை 40 என்று வைத்து மறுபடி கணக்குப் போடுங்கள்.