கப்பாசிட்டி ஃபேட்: தேய்வா, இழப்பா?

செல்வி: மின்கலக் கையேட்டில் ரீசார்ஜபிள் ஆல்கலைனுக்கு 'மீளேற்றுக் காரக்கலம்' என்று வைத்திருக்கிறேன். சார்ஜ் ஏற்றி இறக்கும் ஒவ்வொரு சுற்றிலும் அதன் கொள்திறன் குறைவதை ஆங்கிலத்தில் 'கப்பாசிட்டி ஃபேட்' என்கிறார்கள்; அதற்குக் 'கொள்திறன் இழப்பு' போதுமா?

மணி: போதுமே. என் டார்ச்சில் நிக்கல் செல் போட்டு அலமாரியில் வைத்தேன், நாலு மாதத்தில் காலி. இழப்புதானே?

ரகுநாதன்: இல்லை மணி, அது தன்னிறக்கம். திரும்ப ஏற்றினால் சரியாகிவிடும். பழைய நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல்களில் அது அதிகம்; காரக்கலமோ வருடக்கணக்கில் சார்ஜைக் காக்கும். செல்வி கேட்பது ஏற்றினாலும் திரும்பாத குறைவு. 'இழப்பு' என்றால் இரண்டும் குழம்பும். 'கொள்திறன் தேய்வு' என்று வையுங்கள்.

குமரன்: தேய்வுக்குக் காரணம், பாதியிலேயே ஏற்றிப் பழகிய செல் அந்தப் பாதியையே நினைவில் வைத்துக்கொள்ளும் மெமரிதானே? அடிவரை வடித்துவிட்டு ஏற்றினால் தேயாது.

ரகுநாதன்: மெமரி நிக்கல்-காட்மியம் காலத்துப் பேச்சு. காரக்கலத்தில் அப்படிச் செய்தால் அதுவே எமன். மாங்கனீசு டைஆக்சைடு மின்னிறங்கும்போது புரோட்டானை உள்வாங்கி உப்புகிறது. பாதியில் நிறுத்தி ஏற்றினால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். சுமார் 0.9 வோல்ட்டுக்குக் கீழே இழுத்தால் படிகக் கட்டே குலைந்து, மாங்கனீசு காரக் கரைசலில் கரையும். அங்கே துத்தநாகமும் கரைந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஹெட்டரோலைட் என்ற கனிமமாகப் படியும். அதை எந்தச் சார்ஜரும் திருப்பாது, உள்தடையும் ஏறும்.

இரவெல்லாம் எரியவிட்ட டார்ச்சு செல்லை மறுநாள் ஏற்றிப் பாருங்கள். மல்டிமீட்டர் 1.5 வோல்ட்டுக்கு மேலேயே காட்டும், நன்றாக இருப்பதாகத் தோன்றும். பல்பைப் போட்டால் சீக்கிரமே மங்கிவிடும். ஒவ்வொரு முறையும் முழுக்க வடித்தால், ஏறத்தாழ 25 சுற்றில் கொள்திறனில் பாதி போய்விடும். கால்வாசி மட்டும் எடுத்து உடனே ஏற்றினால் நூற்றுக்கணக்கில் ஓடும்.

குமரன்: அப்படியானால் நிக்கல் செல் மட்டும் எப்படி நூற்றுக்கணக்கான முழுச் சுற்றைத் தாங்குகிறது?

ரகுநாதன்: அதில் ஹைட்ரஜன்தான் இரு முனைகளுக்கும் போய் வருகிறது, நிக்கல் ஹைட்ராக்சைடும் உலோகக் கலவையும் இருந்த இடத்திலேயே இருக்கும். காரக்கலத்தில் துத்தநாகம் கரைந்து மீண்டும் படிகிறது, அதுவும் போன இடத்திலேயே படியாது. ஆனால் 1.5 வோல்ட் கேட்கும் சாதனத்துக்கு 1.2 வோல்ட் நிக்கல் சில நேரம் போதாது. ரிமோட்டுக்குக் காரக்கலம், கேமரா பிளாஷுக்கு நிக்கல் என்பேன். நிக்கல் சார்ஜரில் மட்டும் காரக்கலத்தை மாட்டாதீர்கள். ஏற்றம் முடிந்ததற்கு அடையாளமாக அது எதிர்பார்க்கும் வோல்டேஜ் சரிவு இதில் வராது. மேலேற்றம் ஆகி வாயு சேர்ந்து கசியும்.

செல்வி: 'தேய்வு' எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நிக்கல் செல்லிலும் கலவை அரித்து மெல்லக் குறைகிறதே, இரண்டுக்கும் ஒரே சொல்லா?

ரகுநாதன்: ஒரே சொல்தான். காரணம் வேறு, பயன்பாட்டில் தெரியும் விளைவு ஒன்று.

மணி: தேய்வு என்றால் எனக்கு நிலா ஞாபகம் வருகிறது, அது திரும்ப வளருமே! 'நலிவு' பார்க்கலாமா?

செல்வி: 'நலிவு' கேட்க நன்றாக இருக்கிறது. ரகுநாதன் ஐயா, என்ன சொல்கிறீர்கள்?