டெஸ்ட் எல்லாம் நார்மல், மாத்திரையும் கேக்கல: சின்ன வயசுல நடந்தது கல்யாணத்துக்கு அப்புறம் திரும்பி வந்தவங்க பேசலாம்

வைகைக்கரை:
எனக்கு 34, மதுரைப் பக்கம். கல்யாணம் ஆன புதுசுலேருந்தே பிரச்னை. காலைல எந்திரிக்கும்போது விறைப்பு இருக்கும், தனியா இருந்தா இருக்கும், மனைவிகூட பேசி சிரிச்சு ஆரம்பிக்கும்போதும் இருக்கும், ஆனா லைட்டை அணைச்சுட்டு அவ பின்பக்கமா கட்டிப்பிடிச்சு கழுத்துல மூச்சு பட்டுச்சுன்னா அந்த நிமிஷமே எல்லாம் போயிரும். அது மட்டும் இல்ல, நானே அங்க இல்லாத மாதிரி ஆயிரும். ஏசி ஸ்டெபிலைசர்ல எரியிற சிவப்பு லைட்டையே பாத்துக்கிட்டு கிடப்பேன், அவ பேர் சொல்லிக் கூப்புட்டா எங்கயோ பக்கத்து வீட்ல கேக்குற மாதிரி இருக்கும். அப்புறம் குமட்டல், விடியுற வரைக்கும் தூக்கம் வராது.

யூராலஜிஸ்ட் சுகர், பிரஷர், கொழுப்பு, டெஸ்டோஸ்டிரோன் எல்லாம் பாத்தார், எதுலயும் குறையில்ல, சில்டெனாஃபில் எழுதிக் குடுத்தார். மத்த நேரத்துல வேலை செஞ்ச மாத்திரை அந்த நேரத்துல மட்டும் செய்யல. நடுவுல லாட்ஜ்ல ரூம் போட்டு உக்காந்திருந்த ஒரு பரம்பரை வைத்தியர் நரம்புத் தளர்ச்சின்னு லேகியத்துக்கு நல்லா கறந்துட்டார். கடைசியா அரசு மெடிக்கல் காலேஜ் மனநலப் பிரிவு. அங்க இருந்த டாக்டரம்மா எத்தனை நிமிஷம் நிக்குதுன்னு கேக்கல, "எந்த இடத்துல போகுது, அப்ப நீங்க எங்க பாக்குறீங்க"ன்னு கேட்டாங்க. நான் அந்த சிவப்பு லைட்டை சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "சின்ன வயசுல யாராவது உங்க விருப்பமில்லாம தொட்டிருக்காங்களா"ன்னு கேட்டாங்க. நடந்திருக்கு. 9, 10 வயசுல, சொந்தக்கார அண்ணன் ஒருத்தர். எப்பவும் இருட்டுல, எப்பவும் பின்னாடிலேருந்து. அதுக்கு மேல விவரம் இங்க வேணாம்.

ரெண்டையும் அதுவரைக்கும் நான் சேத்துப் பாத்ததே இல்ல. உங்கள்ல யாருக்காவது இப்படி இருந்திருக்கா, எங்க போனீங்க, என்ன செஞ்சாங்கன்னு எழுதுங்க.

ஜிம் பாய் தஞ்சை:
ப்ரோ காலைல வருதுல்ல, அப்ப உடம்புல ஒண்ணும் இல்ல, எல்லாம் மனசுதான். பழசை மறந்துட்டு பாசிட்டிவா இருங்க. இஎம்டிஆர்னு ஒண்ணு இருக்கு, கண்ணை இடமும் வலமும் அசைக்க வச்சு ரெண்டு மூணு சிட்டிங்ல மெமரியவே அழிச்சுருவாங்க.

கோவை சைக்காலஜிஸ்ட்:
நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், இந்த மாதிரி ஆண்களை நிறைய பாக்குறேன். மேல தம்பி சொன்னது பாதி சரி. காலைல வர்றது ரத்த ஓட்டமும் நரம்பும் பெரும்பாலும் நல்லா இருக்குங்கறதுக்கு அடையாளம்தான், ஆனா அதை வச்சு டெஸ்ட்டை விட்ரக்கூடாது, ட்ராமாவும் சுகரும் ஒரே ஆளுக்கு சேந்தும் இருக்கலாம். அப்புறம் இஎம்டிஆர் எதையும் அழிக்காது. நடந்தது ஞாபகத்துல இருக்கும், ஆனா அதை நெனச்சா உடம்பு இப்ப நடக்குற மாதிரி அலறாது. ஒரே ஒரு சம்பவம்னா சீக்கிரம் முடியலாம், சின்ன வயசுல திரும்பத் திரும்ப நடந்திருந்தா மாசக்கணக்குல ஆகும்.

வைகைக்கரை சொன்னதுல எனக்கு முக்கியமா படுறது, மூச்சு படுற அந்த இடத்துல மட்டும் போகுதுங்கறது. பெர்ஃபார்மன்ஸ் பயம்னா 'இன்னைக்கும் ஆகாதோ'ன்னு முன்னாடியே மனசு கணக்குப் போட்டுட்டே இருக்கும், ஆள் அங்கயேதான் இருப்பார். இதுல ஒரு தொடுதலோ வாசனையோ இருட்டோ வந்ததும் ஆளே கழண்டு போயிடறார். ஆபத்துன்னு உடம்பு முடிவு பண்ணிட்டா அட்ரினலின் ரத்தக் குழாயை சுருக்கிடும், சில்டெனாஃபில் வேலை செய்ய ஆசையும் கிளர்ச்சியும் முதல்ல இருக்கணும், அது அணைஞ்சுட்டா மாத்திரையால ஒண்ணும் பண்ண முடியாது. நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுக்குறவங்க சில்டெனாஃபில் தொடவே கூடாது, பிரஷர் ஆபத்தான அளவுக்கு இறங்கிடும், அதையும் சொல்லிடறேன்.

ரெண்டு புள்ளைங்க அப்பா:
என் பையனுக்கு 9 வயசு, வேன் டிரைவர் தப்பா தொட்டதா போன வாரம் சொன்னான். இந்த தெரபிக்கு அவனையும் கூட்டிட்டுப் போலாமா? பையனுக்கெல்லாம் கேஸ் எடுப்பாங்களா?

கோவை சைக்காலஜிஸ்ட்:
சார் உங்க வழி வேற, இது அவசரம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு இன்னைக்கே கூப்பிடுங்க. போக்சோ சட்டம் 2012லேருந்து ஆண் பிள்ளை, பெண் பிள்ளை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். பையன்கிட்ட திரும்பத் திரும்ப கேட்டு விவரம் வாங்காதீங்க, 'நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பில்ல'ன்னு மட்டும் சொல்லுங்க. நீங்க சென்னைன்னா துளிர் அமைப்பு இதுக்காகவே இருக்கு. அந்த வேன்ல இனி அனுப்ப வேணாம்.

சேலத்து மருமகள்:
நான் மனைவி பக்கம். என் வீட்டுக்காரர் 4 வருஷம் என்னைத் தொடல, வெளிய வேற யாரோ இருக்காங்கன்னு நெனச்சேன், எங்கம்மா டைவர்ஸுக்கே வக்கீல் பாத்துட்டாங்க. ஒரு நாள் ராத்திரி அவரே சொன்னார், ஹாஸ்டல் வார்டன்னு ரெண்டே வார்த்தை. அதுக்கு மேல நானும் கேக்கல. முன்னாடியே சொல்லியிருந்தா என் மேல தப்பு, நான் அழகா இல்லன்னு அழுத ராத்திரியெல்லாம் மிச்சமாயிருக்கும். எல்லாரும் கட்டிக்கப் போறவங்ககிட்ட முதல்லயே சொல்லிடணும்.

வைகைக்கரை:
அக்கா உங்க வலி புரியுது, ஆனா எனக்கு சொல்றதுக்கு வார்த்தையே தெரபி ஆரம்பிச்சப்புறம்தான் கிடைச்சுது. என்ன செஞ்சாங்கன்னு எழுதுறேன், யாருக்காவது உதவும்.

முதல்ல சில வாரம் பழைய கதைய தொடவே இல்ல. கழண்டு போறப்ப திரும்பி வர்ற பழக்கம் மட்டும்தான். பாதத்தை தரையில அழுத்தறது, அறையில இருக்குற அஞ்சு பொருளோட பேரை வாய்விட்டு சொல்றது, இன்னைக்கு தேதி, என் வயசு 34, இது என் வீடுன்னு சொல்றது. சாதாரணமாத்தான் தெரியும், ஆனா பஸ்ல, ஆபீஸ்ல சும்மா இருக்கும்போதே தினம் செஞ்சு பழகினாத்தான் அந்த நேரத்துல கை குடுக்கும். அப்புறம்தான் ஞாபகத்துக்குள்ள போனோம். அதுல எனக்கு ரொம்பக் கனமா இருந்தது நடந்த சம்பவம் கூட இல்ல. அப்ப உடம்பு தன்னால காட்டுன ரியாக்‌ஷனை வச்சு நானும் அதுக்கு உடந்தைதான், நான் ஒருவேளை அந்த மாதிரி ஆளோன்னு 20 வருஷமா உள்ளுக்குள்ள வச்சிருந்தேன். அது ரிஃப்ளெக்ஸ், வெங்காயம் வெட்டுனா கண்ணு கலங்குற மாதிரி, சம்மதத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, யார் மேல ஆசை வருதுங்கறதையும் அது தீர்மானிக்கலன்னு தெரபிஸ்ட் சொன்ன அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல உக்காந்து அழுதேன்.

மூணாவதாத்தான் மனைவியையும் கூப்புட்டாங்க. உடலுறவு கொஞ்ச நாளைக்கு கூடவே கூடாதுன்னு ரூல். டிரஸ் போட்டபடி, லைட் எரியணும், கண்ணு திறந்திருக்கணும், அவ முன்னாடிதான் இருக்கணும், முதல்ல கை, முதுகு, தலை மட்டும், எங்க தொடலாம்னு நான்தான் சொல்வேன். நிறுத்தணும்னா 'புளி'ன்னு சொல்லணும்னு நாங்களே வச்சுக்கிட்டோம், சொன்னா அவ கேள்வி கேக்காம கைய எடுத்துருவா. ஜெயிக்கணும்னு ஒண்ணும் இல்லாததால பயம் குறைஞ்சுது. அப்புறம் படிப்படியா. இப்ப இருட்டு பரவாயில்ல. பின்பக்கமா வர்றது இன்னும் முடியல, அதை விட்டுட்டோம்.

கோவை சைக்காலஜிஸ்ட்:
இந்த வரிசைதான் முக்கியம். தொடுதல் பயிற்சி மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970ல கொண்டு வந்தது, செக்ஸ் பிரச்னைக்கு வர்ற தம்பதிங்களுக்கு இன்னைக்கும் அதுதான் குடுக்குறோம். ஆனா ட்ராமா உள்ளவருக்கு திரும்பி வர்ற பழக்கம் இல்லாம அப்படியே குடுத்தா, ஆள் கழண்டுபோன நிலையிலயே தொடுதலை சகிச்சுக்குவார், வெளிய பாத்தா முன்னேற்றம் மாதிரி இருக்கும். வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் தூங்காம இருப்பார், குடிப்பார். பயிற்சி முடிஞ்சதும் 'அப்ப நீங்க அங்க இருந்தீங்களா'ன்னு கேக்கணும். இல்லன்னு சொன்னா ஒரு படி பின்னாடி போகணும்.

முதல்லயே சொல்லணுமாங்கறதுல எனக்கு ஒரே பதில் இல்ல. சில பேருக்கு சொன்னது உதவியிருக்கு, சில வீட்ல அது மாமனார் வரைக்கும் போய் ஆயுதமாவே மாறியிருக்கு. 'சின்ன வயசுல எனக்கு ஒண்ணு நடந்திருக்கு, உன் மேல தப்பில்ல, ட்ரீட்மென்ட் போறேன்' இந்த அளவு போதும்னு நான் சொல்றது உண்டு.

பெயர் வேண்டாம்:
எனக்கு உங்களுக்கு நேர் எதிர். எனக்கு நிக்குறதுல பிரச்னையே இல்ல, யார்கிட்ட போறோம்னு தெரியாம போயிட்டே இருந்தேன், ஒவ்வொரு தடவையும் முடிஞ்சதும் என்னையே பிடிக்காது. எனக்கு செஞ்சது ஒரு பொம்பளை, பக்கத்து வீட்டு அக்கா. ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொன்னப்ப 'குடுத்து வச்சவன்டா'ன்னு சிரிச்சானுங்க. 12 வயசுப் பையனுக்கு என்ன குடுத்து வச்சது? டாக்டர் செர்ட்ராலின் போட்டார், பதட்டம் குறைஞ்சுது, ஆனா முடியவே மாட்டேங்குது, ரொம்ப நேரம் ஆகுது. இதுவும் ட்ராமாவா?

கோவை சைக்காலஜிஸ்ட்:
மாத்திரைக்கு முன்னாடி இல்லாம அப்புறம் வந்துச்சுன்னா மாத்திரையாத்தான் இருக்கும், செர்ட்ராலின் வகைக்கு அது பொதுவான பக்க விளைவு. நீங்களா டக்குனு நிறுத்தாதீங்க, தலைசுத்தல் எரிச்சல் எல்லாம் வரும். டாக்டர்கிட்ட கூச்சப்படாம சொல்லுங்க, அளவைக் குறைக்கவோ மாத்தவோ வழி இருக்கு. அந்த அக்கா செஞ்சதுக்கு பேர் வன்கொடுமைதான்.

துபாய் ரூம்மேட்:
எங்க ரூம்ல 6 பேர், போன்ல பேசக்கூட இடமில்ல. ரெண்டு மாசத்துல ஊருக்கு வர்றேன், வந்ததும் கல்யாணப் பேச்சு. டாக்டர்கிட்ட சொன்னா போலீஸுக்கு சொல்லிடுவாங்களோன்னு பயம், செஞ்சவர் எங்க ஊர்லதான் பெரிய மனுஷனா இருக்கார்.

கோவை சைக்காலஜிஸ்ட்:
2017 மனநலச் சட்டத்துல உங்க விஷயம் ரகசியமா இருக்கணும்ங்கறது உங்க உரிமை. ஆனா போக்சோல தெரிஞ்சவங்க புகார் குடுக்கணும்னு ஒரு பிரிவும் இருக்கு, வளந்தவர் தன் பழைய கதைய சொல்றப்ப அது எப்படிப் பொருந்தும்ங்கறதுல எங்களுக்குள்ளயே ஒரே கருத்து இல்ல. அதனால விவரம் சொல்றதுக்கு முன்னாடி முதல் சிட்டிங்லயே 'எதை வெளிய சொல்வீங்க, எதை சொல்ல மாட்டீங்க'ன்னு கேட்டுடுங்க. அந்த ஆள் பக்கத்துல இப்பவும் குழந்தைங்க இருந்தா அது வேற பேச்சு, அதையும் தெரபிஸ்ட்கூட யோசிக்கணும். எந்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்கிட்ட போனாலும் இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ. பதிவு இருக்கான்னு பாருங்க, ட்ராமா கேஸ் பாத்திருக்கீங்களான்னு நேரா கேளுங்க.

வைகைக்கரை:
தம்பி, ஊருக்கு வந்ததும் 14416க்கு கூப்பிடுங்க, அது டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் ஃப்ரீ, தமிழ்லயே பேசலாம், உங்க மாவட்டத்துல எங்க போகணும்னு கேளுங்க. காசு பிரச்னைன்னா அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிதான், சென்னைன்னா கீழ்ப்பாக்கம். காலைல சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு போடணும், கூட்டமா இருக்கும், டாக்டர் பக்கத்துல இன்னும் நாலு பேர் நிப்பாங்க, வாய் வராது. நான் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிட்டுப் போய் டாக்டர் கையில குடுத்தேன்: 'தாம்பத்தியத்தில் பிரச்னை. டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கு. எல்லார் முன்னாடியும் பேச முடியாது. தனியா பேசணும்.' படிச்சுட்டு பக்கத்து ரூமுக்கு கூட்டிட்டுப் போனாங்க. கல்யாணத் தேதி குறிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது போயிட்டு வந்துருங்க.