முதல் ஓடருக்கும் இரண்டாம் ஓடருக்கும் இடையில்

கொக்குவில் தூள்:
அம்மா வறுத்துத் திரிக்கும் மிளகாய்த்தூளுக்கு ஒன்பது மாதமாக வட்ஸ்அப்பில் ஓடர் எடுத்து யாழ்ப்பாணத்துக்குள்ளும் கொழும்புக்கும் அனுப்புகிறேன். எல்லாமே அரைக் கிலோப் பொதிகள். புதிதாக வாங்கியவர்கள் 240 பேர். அவர்களில் 84 பேர் இரண்டாம் தடவையும் வாங்கினார்கள். இடையில் சராசரி 41 நாள். அந்த நாளில் “தூள் முடிந்துவிட்டதா?” என்று கேட்டு எழுதினால் சரியா?

சுன்னாகம் சந்தை:
பிந்திவிடும், பிள்ளை. நாலு பேர் சாப்பிடும் வீட்டில் அரைக் கிலோத் தூள் ஐந்து கிழமை நின்றாலே பெரிய காரியம். கரண்டி போத்தலின் அடியில் தட்டிய அன்று பின்னேரமே சந்திக் கடையில் ஒரு பைக்கற் வாங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு உங்கள் செய்தி போய் என்ன பயன்? சராசரியில் பதின்மூன்று நாளைக் கழித்து 28ஆம் நாள் கேளுங்கள். கடை நடத்துகிறவனுக்கு இதற்கு மேல் கணக்குத் தேவையில்லை.

கணக்குக் கொப்பி:
தூள் முடியுமுன் கேட்க வேண்டும் என்பதில் ஐயாவோடு எனக்குச் சண்டையில்லை. அந்த 41ஐத்தான் நம்ப முடியவில்லை.

கடந்த முப்பது நாளில் முதல் ஓடர் தந்தவர் திரும்பி வந்திருந்தால் அவருடைய இடைவெளி முப்பது நாளுக்குள்தான் இருக்க முடியும். அறுபதாம் நாள் வரப்போகிறவர் இன்னும் கணக்கில் ஏறவே இல்லை. அதனால் புதியவர்கள் சராசரியைக் கீழே இழுக்கிறார்கள். ஐந்து ஆறு மாதம் கழித்து வந்த இரண்டொருவர் மேலே இழுப்பார்கள். இரண்டும் எதிரெதிராக இழுத்து எங்கேயோ நின்ற எண் அது.

முதல் ஓடர் தந்து 120 நாள் கடந்தவர்களை மட்டும் எடுங்கள், தங்கச்சி. அவர்களில் எத்தனை பேர் எந்த நாளில் திரும்பினார்கள் என்று வரிசையாக எழுதுங்கள். திரும்பாதவர்களையும் விட்டுவிட வேண்டாம்.

கொக்குவில் தூள்:
இரவிரவாக எழுதினேன். 120 நாள் கடந்தவர்கள் 150 பேர். அந்த 120 நாளுக்குள் திரும்பியவர்கள் 60 பேர்.

1–15 நாள்: 6
16–30: 21
31–45: 18
46–60: 8
61–90: 5
91–120: 2

கணக்குக் கொப்பி:
அறுபது பேரில் நடுவில் நிற்பவர் 33ஆம் நாளை ஒட்டி வருகிறார். 41 இல்லை. ஆனால் எப்போது எழுதுவது என்பதற்கு அந்த நடு ஆளைவிட, இன்னும் வராதவர்களைப் பார்ப்பதுதான் உதவும்.

15ஆம் நாள் முடிவில் 144 பேர் வரவில்லை. அவர்களில் 54 பேர் பிறகு வந்துவிட்டார்கள். அன்றைக்கே எல்லோருக்கும் “நூறு ரூபாய் குறைத்துத் தருகிறேன்” என்று எழுதியிருந்தால், முழு விலைக்கு வந்திருக்கக்கூடிய 54 பேருக்கும் சும்மா நூறு ரூபாய் கொடுத்திருப்பீர்கள். 45ஆம் நாள் முடிவில் வராதவர்கள் 105 பேர். அவர்களில் பிறகு வந்தவர்கள் 15 பேர்தான், ஏழுக்கு ஒருவர். மற்ற 90 பேருக்கும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதனால் விலை குறைக்கும் செய்தியென்றால் 45க்குப் பிறகு, வெறும் ஞாபகப்படுத்தல் என்றால் அதற்கு முன்பு என்பேன்.

சுன்னாகம் சந்தை:
45ஆம் நாள் அந்த 90 பேரின் அடுப்படியிலும் வேறு ஆளின் தூள் இருக்கும், தம்பி. வராத ஆளைச் சரியாகக் கண்டுபிடித்து, அவர் போன பிறகு கூப்பிடுகிறீர்கள்.

கணக்குக் கொப்பி:
அந்த அடி சரியாகவே விழுந்தது. ஆர் வரமாட்டார் என்பது இந்தப் பட்டியலில் தெரிகிறது. ஆர் சொன்னால் வருவார் என்பது தெரியாது. அதற்குச் சிலருக்கு எழுதி, சிலருக்கு எழுதாமல் விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

மாந்தோப்பு:
நான் கறுத்தக்கொழும்பான் விற்கிறேன். முதல் ஓடருக்கும் இரண்டாம் ஓடருக்கும் இடையில் எனக்கு ஒன்றில் ஆறு நாள், இல்லாவிட்டால் பதினொரு மாதம். நடுவில் ஒருவரும் இல்லை. சராசரி எடுத்து எழுதினால் மரத்தில் பிஞ்சுகூட இல்லாத நேரம் “மாம்பழம் வேண்டுமா?” என்று கேட்பேன். நாள் கணக்கை விட்டுவிட்டுக் கலண்டரைப் பாருங்கள், தங்கச்சி.

சுன்னாகம் சந்தை:
மாம்பழமும் மிளகாய்த்தூளும் ஒன்றா? தூளுக்கு ஏது பருவம்?

கொக்குவில் தூள்:
இருக்கிறது, ஐயா. இதை வாசித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்து, திரும்பிப் போகும்போது கொண்டுபோக வாங்கியவர்கள் 22 பேர். முகவரி நல்லூர், கோண்டாவில் என்று இருந்ததால் உள்ளூர்க்காரர் என்றே பதிந்துவிட்டேன். ஒருவரும் திரும்பவில்லை. அந்த 105க்குள் இவர்களும் இருக்கிறார்கள்.

கணக்குக் கொப்பி:
அப்படியென்றால் 105 இல்லை, 83. பிறகு தானாக வந்த 15 பேர் ஐந்தரைக்கு ஒருவர் ஆகிவிட்டார்கள். அந்த 22 பேருக்கு அடுத்த கொடியேற்றத்துக்கு முன் எழுதுங்கள். மாந்தோப்புக்காரர் சொன்னது அவர்களுக்குப் பொருந்தும்.

இன்னொன்று. 31இலிருந்து 45 வரை 18 பேர் என்கிறீர்களே, அவர்கள் அந்தப் பதினைந்து நாளிலும் பரவி நிற்கிறார்களா? இதற்கு முன் யாருக்காவது ஏதாவது எழுதினீர்களா?

கொக்குவில் தூள்:
தொடக்கத்தில் மூன்று மாதம், 30ஆம் நாள் இரவு எல்லோருக்கும் ஒரு வணக்கம் போட்டேன். “அடுத்த வறுவல் சனிக்கிழமை” என்று மட்டும் இருக்கும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

பார்த்தேன். 18 பேரில் 11 பேர் 31, 32, 33ஆம் நாட்களில்.

கணக்குக் கொப்பி:
சரிதான். நான் பெருமையாகச் சொன்ன 33உம் போயிற்று. அந்தப் பதினொரு பேரையும் தூள் முடிந்து வரவழைத்ததா, உங்கள் வணக்கம் வரவழைத்ததா என்று இப்போது பிரிக்க முடியாது. 25ஆம் நாள் எழுதியிருந்தால் 26இல் குவிந்திருக்கும். நானும் “நடு ஆள் 27” என்று சொல்லியிருப்பேன். செய்தி போகாத மாதங்களில் வந்தவர்களை மட்டும் வைத்து மறுபடி எண்ணுங்கள்.

சுன்னாகம் சந்தை:
அந்த வணக்கத்துக்குப் பதினொரு பேர் வந்தார்களா? பிறகு ஏன் நிறுத்தினீர்கள்? நான் சொன்ன 28க்கு இரண்டு நாள்தான் வித்தியாசம்!

கணக்குக் கொப்பி:
வந்தார்கள். ஆனால் எழுதாமல் விட்டிருந்தால் அவர்களில் எத்தனை பேர் 38இல், 40இல் வந்திருப்பார்கள்? ஒரே ஓடர் ஒரு கிழமை முந்தி வந்தால் லாபம் பெரிதாக ஏறாது. இனி வரும் புதியவர்களில் தொலைபேசி எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றை என்றால் 28இல் எழுதுங்கள், இரட்டை என்றால் எழுத வேண்டாம். 120 நாள் கழித்து இரண்டு பக்கமும் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று பாருங்கள். பதில் போட்டவர்களை எண்ணாதீர்கள், வாங்கியவர்களை எண்ணுங்கள்.

பக்கத்துக்கு ஐம்பது பேர் என்றால் ஐந்தாறு பேர் வித்தியாசம் சும்மாவே வரும். பத்துப் பேருக்கு மேல் போனால் யோசிக்கலாம்.

கொக்குவில் தூள்:
எனக்கு மாதம் 27 பேரளவில்தான் புதிதாக வருகிறார்கள். நூறு பேர் சேர நாலு மாதம், கடைசியாக வந்தவருக்கு 120 நாள் கடக்க இன்னும் நாலு மாதம். அதுவரை பாதிப் பேருக்கு வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்கிறீர்களா, அண்ணா?

சுன்னாகம் சந்தை:
எட்டு மாதம்! அதற்குள் சந்தியில் இரண்டு புதுக் கடை திறந்துவிடும்.

கொக்குவில் தூள்:
அம்மா இரட்டை எண்காரரைப் பட்டினி போடக்கூடாது என்கிறார். அவர்களுக்கு 45இல் எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம், விலை குறைக்காமல். இன்றைக்கு வந்த முதல் ஓடரின் கடைசி இலக்கம் 7. கலண்டரில் 28 நாள் எண்ணி ஒரு வட்டம் போட்டுவிட்டேன்.

கணக்குக் கொப்பி:
அப்படிச் செய்தால் 28 நல்லதா 45 நல்லதா என்பது தெரியலாம். எழுதுவதே தேவையா என்பது தெரியாது. அம்மாவிடம் நான் வாதாடவில்லை.