[கலைச்சொல்] ‘புரோகிரசிவ் ரெவலேஷன்’: பஹாய் நூல்களில் வரும் பொருளுக்குத் தமிழ் என்ன?

செல்வம்:

அனைவருக்கும் வணக்கம். உலகச் சமயங்கள் பற்றிய கட்டுரை வரிசை ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பஹாய் சமயப் பகுதியில் வண்டி நின்றுவிட்டது. மதங்கள் எல்லாம் ஒன்றே என்பது அவர்கள் அடிப்படை நம்பிக்கை. ஒரே கடவுள் ஆபிரகாம், மோசே, கிருஷ்ணர், புத்தர், ஜரதுஷ்டிரர், இயேசு, முகம்மது, பாப், பஹாய் சமயத்தை நிறுவிய பஹாவுல்லா என்று ஒருவர் பின் ஒருவராக அனுப்பி மனிதருக்குக் கற்பித்துவருகிறார் என்கிறார்கள். இந்தக் கோட்பாட்டின் பெயர்தான் தலைப்பில் இருப்பது.

முதலில் ‘முற்போக்கு வெளிப்பாடு’ என்று எழுதினேன். படித்த நண்பர் எந்தக் கட்சி மாநாட்டுத் தீர்மானம் என்று கேட்டார். ‘படிப்படியான வெளிப்பாடு’ என்று மாற்றலாமா?

இளங்கோ:

இதற்குப் போன வருடமே இங்கே ஒரு சொல் பேசினோமே? இணையத்தில் படம் முதலில் மங்கலாக வந்து போகப் போகத் தெளியுமே, அதற்குப் ‘படிப்படித் தெளிவு’ என்று நான்தான் முன்மொழிந்தேன். அதையே வைத்துக்கொள்ளலாம்.

செல்வம்:

இளங்கோ, இது சமயக் கோட்பாடு. படக்கோப்பு இல்லை.

இளங்கோ:

ஓ, சரி. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு எழுதிவிட்டேன். தொடருங்கள்.

அருள்தாஸ்:

‘படிப்படியான வெளிப்பாடு’ ஏற்கெனவே எங்கள் இறையியல் வகுப்பில் புழங்குகிற சொல், செல்வம் தம்பி. பழைய ஏற்பாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தம்மைக் காட்டிய தேவன் கடைசியில் கிறிஸ்துவில் முழுமையாக வெளிப்பட்டார் என்பது அதன் பொருள். எபிரெயர் நிருபத்தின் முதல் வசனத்திலேயே ‘பங்குபங்காகவும் வகைவகையாகவும்’ என்று வருகிறது. அடுத்த வசனத்தில் ‘இந்தக் கடைசி நாட்களில் குமாரன் மூலமாய்’ என்று முடிந்துவிடுகிறது. படி ஏறினால் மாடி வரவேண்டும் இல்லையா? எங்களுக்கு வந்துவிட்டது. பஹாய் நண்பர்களுக்கு மாடி எது?

தணிகாசலம்:

இவ்வளவு குழப்பம் எதற்கு? நம் நாட்டில் இது புதிதா என்ன? ‘எம்மதமும் சம்மதம்’ என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். வள்ளலார் சமரசம் என்றார். பஹாய்க்காரர்கள் சொல்வதும் அதுவே. ‘சமய சமரசம்’ என்று போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

காதர்:

தணிகாசலம் ஐயா சொல்வதில் பாதி சரி. எல்லாச் சமயங்களுக்கும் மூலம் ஒன்று என்ற அளவில் சரி. ஆனால் எம்மதமும் சம்மதம் என்றால், எல்லாப் பாதையும் இன்றைக்கும் திறந்திருக்கிறது, அவரவர் பாதையில் அவரவர் போகலாம் என்று பொருளாகிறது. பஹாய் நிலை அது இல்லை. ஒரே சமயம்தான் உண்டு, அது காலவரிசையில் வந்துகொண்டே இருக்கிறது, ஒரு காலத்துக்கான தூதர் வந்ததும் அவருக்கு முந்தைய சட்டங்களின் தவணை முடிகிறது என்பார்கள். அதனால்தான் அங்கே ‘சமய ஒற்றுமை’ என்று எழுதினாலும் பொருந்தாது. பலர் கூடி இருந்தால் ஒற்றுமை. ஒன்றாகவே இருந்தால் ஒருமை. ‘சமய ஒருமை’ என்பதே சரி.

இனி செல்வம் கேட்டது. அந்தக் கருத்து விரிவாக எழுதப்பட்ட இடத்தைப் பார்த்துவிடுவது நல்லது. பஹாவுல்லா நாடுகடத்தப்பட்டு பாக்தாதில் இருந்தபோது, 1860களின் தொடக்கத்தில், ‘கிதாபே ஈகான்’ என்ற நூலைப் பாரசீகத்தில் எழுதினார். அந்நூலுக்குக் காரணமான கேள்வியைக் கேட்டவர், பஹாவுல்லாவுக்கு முன்னோடியாக வந்த பாபின் தாய்மாமன். தன் கண்ணெதிரே வளர்ந்த மருமகன்தான் ஷியாக்கள் ஆயிரம் ஆண்டாகக் காத்திருந்த இமாம் என்று சொன்னால் அவரால் நம்ப முடியவில்லை. எதிர்பார்த்த அடையாளங்கள் எதுவும் நடக்கவில்லையே என்பது அவர் சந்தேகம். அந்த மருமகனை 1850இல் தப்ரீஸில் சுட்டுக்கொன்றும் விட்டார்கள்.

அதற்குப் பதிலாக வந்த நூலில் குர்ஆனின் இரண்டு வசனங்கள் எதிரெதிராக வைக்கப்படுகின்றன. தூதர்களுக்கிடையே நாம் வேற்றுமை பாராட்டுவதில்லை என்கிறது ஒன்று. தூதர்களில் சிலரைச் சிலரைவிட மேன்மையாக்கினோம் என்கிறது மற்றொன்று. இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கும்? தூதர்களுக்கு இரண்டு நிலை உண்டு என்கிறார் பஹாவுல்லா. ஒருமை நிலையில் எல்லாரும் ஒருவரே. வேற்றுமை நிலையில் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிப் பணி, தனிச் சட்டம். இன்றைய சூரியன் ‘நேற்று வந்தவன் நானே’ என்றாலும் உண்மை, நாள் வரிசையைக் கணக்கில் கொண்டு ‘நான் வேறு’ என்றாலும் உண்மை என்று அங்கே ஒரு விளக்கம் வருகிறது.

நான் முஸ்லிம். நபிகள் நாயகம்தான் இறுதித் தூதர் என்பது என் நம்பிக்கை. அவர்கள் முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் அவர்கள் கருத்துக்குச் சொல் தேடும்போது அவர்கள் சொல்வதுதான் அதில் இருக்க வேண்டும்.

செல்வம்:

நன்றி காதர் பாய். அப்படியானால் ‘வளர்’ என்பதைச் சேர்த்து ‘வளர்வெளிப்பாடு’ என்று சொல்லலாமா? ஒவ்வொரு தூதரும் முந்தையதைவிட வளர்ந்த செய்தியைக் கொண்டுவருகிறார் என்ற பொருளில்.

காதர்:

அங்கேதான் சிக்கல். கிப்லாவை எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது தொழும்போது முகம் திருப்பும் திசை. மக்காவிலிருந்து குடிபெயர்ந்த ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனாவில் முஸ்லிம்கள் ஒன்றரை ஆண்டு போல ஜெருசலேம் நோக்கித்தான் தொழுதார்கள். 624 வாக்கில் மக்கா நோக்கித் திரும்பும்படி வசனம் இறங்கியது. ஈகானில் இந்த நிகழ்ச்சி வருகிறது. மோசேக்குப் பின் தாவீது, இயேசு என்று எத்தனையோ பேர் வந்தார்கள், யாரும் அந்தத் திசையை மாற்றவில்லையே, இப்போது ஏன் மாற்ற வேண்டும் என்ற கேள்வியை எழுப்பிவிட்டு, பூமியில் எல்லா இடமும் இறைவனுக்கு ஒன்றுதான் என்கிறார் பஹாவுல்லா. மாற்றம் வந்தது, கட்டளைக்குப் பணிகிறவர் யார், பழக்கத்துக்குப் பணிகிறவர் யார் என்று பிரித்துக் காட்ட. பிற்பாடு பஹாய்களுக்கே கிப்லா மாறியது. இன்று அவர்கள் கடமைத் தொழுகையில் அக்கா நகருக்கு அருகே பஹ்ஜியில் உள்ள பஹாவுல்லாவின் அடக்கத்தலம் நோக்கி நிற்கிறார்கள்.

ஜெருசலேமைவிட மக்கா ‘வளர்ந்த’ திசை, மக்காவைவிட பஹ்ஜி இன்னும் ‘வளர்ந்த’ திசை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ‘வளர்’ போட்டால் படிப்பவர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார். பழையது குறைபட்டது என்ற தொனி வந்துவிடும்.

மல்லிகா (ஈப்போ):

காதர் அண்ணா, நான் பஹாய் வீட்டில் வளர்ந்தவள். அப்பா தோட்டப்புறத்தில் இருந்தபோது சேர்ந்தவர். நீங்கள் சொன்ன கிப்லா உதாரணம் சரி, ஆனால் வளர்ச்சியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பின்னால் வரும் வெளிப்பாட்டில் ஒளி கூடுதலாக இருக்கும் என்று பஹாய் சமயத்தின் காப்பாளராக இருந்த ஷோகி எஃபெண்டி எழுதியிருக்கிறார். அதற்குக் காரணம் பின்னவர் உயர்ந்தவர் என்பதில்லை, வாங்கிக்கொள்ளும் மக்களின் திறன் கூடிவிட்டது என்றும் அங்கேயே சொல்கிறார். ஆக, வளர்வது மனிதர்கள். ‘வளர்’ என்ற சொல்லை எந்தப் பக்கம் ஒட்டுகிறோம் என்பதுதான் கேள்வி.

அருள்தாஸ் அண்ணா மாடி எது என்று கேட்டார். மாடி கிடையாது. பஹாவுல்லாவும் கடைசி இல்லை. ஆயிரம் ஆண்டு முழுதாக முடிவதற்குள் யாராவது புதிய தூதர் என்று வந்தால் நம்பாதே என்று எங்கள் சட்டநூலான ‘கிதாபே அக்தஸ்’ சொல்கிறது. அதற்கு அப்புறம் வருவார்கள். ஆகவே ‘படிப்படி’ எனக்கும் இடிக்கிறது.

எங்கள் வீட்டில் அப்பா இந்தப் பெயரெல்லாம் சொன்னதே இல்லை. ‘காலத்துக்குக் காலம் கடவுள் ஆள் அனுப்புவார், கீதையிலேயே இருக்கிறது’ என்பார். யுகந்தோறும் பிறக்கிறேன் என்று கண்ணன் சொல்கிறாரே, அது. இந்து வீடுகளில் அப்படித்தான் புரிந்தது. ‘காலந்தோறும் இறைவெளிப்பாடு’ என்றால் என்ன?

தணிகாசலம்:

அம்மா மல்லிகா, இது நன்றாக இருக்கிறது. அவதாரம் என்றே சொல்லிவிட்டால் இன்னும் எளிது. ‘தொடர் அவதாரம்’.

காதர்:

ஐயா, அவதாரம் வேண்டாம். கடவுள் மனித உடலில் இறங்கி வருவதை பஹாய் நூல்கள் மறுக்கின்றன. பாரசீக மூலத்தில் தூதரைக் குறிக்க ‘மழ்ஹர்’ என்ற சொல் வருகிறது, வெளிப்படும் இடம் என்று பொருள். அந்த நிகழ்ச்சிக்கு ‘ளுஹூர்’, வெளிப்படுதல். இறங்குதல் என்ற பொருள் இரண்டிலும் இல்லை. தற்செயலாகத் தமிழில் ‘வெளிப்பாடு’ சரியாக உட்காருகிறது. தனியாக எழுதினால் ‘கலை வெளிப்பாடு’ போல ஆகிவிடும் என்பதால் ‘இறைவெளிப்பாடு’ என்பது நல்லது.

மல்லிகா (ஈப்போ):

அண்ணா சொல்வது கோட்பாட்டளவில் சரி. ஆனால் இந்தியாவிலும் இங்கேயும் இந்துக்களிடம் பேசும்போது பஹாய்களே ‘அவதாரம்’ என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள், இன்றும் பயன்படுத்துகிறார்கள். அகராதியில் போடாவிட்டாலும் அது தவறு என்று எழுதிவிடாதீர்கள். எங்கள் அம்மாவைத் திருத்த என்னால் ஆகாது.

அருள்தாஸ்:

‘காலந்தோறும்’ அழகாக இருக்கிறது, ஆனால் கலைச்சொல்லாக நீளம். பெயரடையாக மாற்றிப் பாருங்கள், ‘காலந்தோறும் இறைவெளிப்பாட்டுக் கோட்பாடு’ என்று இழுக்கும். ‘தொடர் இறைவெளிப்பாடு’ போதாதா? முடிவில்லை என்பது அதிலேயே வந்துவிடுகிறது. எங்கள் ‘படிப்படியான வெளிப்பாடு’ எங்களுக்கே இருக்கட்டும். ஒரே சொல்லை இரண்டு சமயத்துக்கும் போட்டால் மாணவர்கள் பரிட்சையில் கலந்து எழுதுவார்கள், நான்தான் திருத்த வேண்டும்.

செல்வம்:

இப்போதைக்கு இப்படிப் போடுகிறேன். கட்டுரையில் ‘தொடர் இறைவெளிப்பாடு’. முதல்முறை வரும் இடத்தில் ‘மனிதரின் ஏற்புத்திறன் வளர்வதற்கேற்பக் காலந்தோறும் இறைவன் தூதர்வழி வெளிப்படுத்துவது’ என்று ஒரு வரி விளக்கம். ‘வளர்’ மனிதர் பக்கம் ஒட்டிவிட்டது, மல்லிகா அக்காவின் ‘காலந்தோறும்’ உள்ளே வந்துவிட்டது. கிப்லா நிகழ்ச்சியை அடுத்த பத்தியில் சொல்லிவிடுகிறேன். மதங்களின் அந்த ஒன்றாய் இருக்கும் தன்மைக்கு ‘சமய ஒருமை’. ‘மழ்ஹர்’ என்பதற்கு இன்னும் சொல் இல்லை. ‘இறைத்தூதர்’ என்று எழுதலாமா?

காதர்:

‘இறைத்தூதர்’ என்றால் செய்தி கொண்டுவருபவர் என்று மட்டும் நிற்கும், ரசூல் போல. மழ்ஹர் அதைவிடக் கூடுதல். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நாளைக்கு எழுதுகிறேன்.

தணிகாசலம்:

‘சமய ஒருமை’யை நான் ஏற்கவில்லை. ஒருமை என்றால் இலக்கணத்தில் ஒருமை பன்மை ஞாபகம்தான் வரும். என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மல்லிகா (ஈப்போ):

அம்மாவிடம் இப்போதுதான் ‘தொடர் இறைவெளிப்பாடு’ என்று சொல்லிப் பார்த்தேன். எத்தனை மணிக்கு, எந்தச் சேனலில் என்று கேட்கிறார்.